8க்கு 4 ஷீட்டில் பத்துத் தட்டுதான் வருகிறது: கிலோ கணக்கில் விலை சொன்னால் கட்டுமா?

மன்னை_பட்டறை

வணக்கம். மன்னார்குடியில் சின்ன ஷீட்மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன். உரமும் பூச்சி மருந்தும் விற்கும் ஒரு கடைக்கு ரேக் செய்கிறோம். அதில் சொருகி வைக்கும் தட்டு மட்டும் 200 வேண்டுமாம், குறுவை வியாபாரம் தொடங்கும் முன்னால். 1 மி.மீ. சி.ஆர். ஷீட், மேலே பவுடர் கோட்டிங்.

தட்டின் வெளி அளவு மில்லிமீட்டரில் 430க்கு 340. நாலு பக்கமும் 25 உயரம், விளிம்பில் 10 மடித்து அமுக்க வேண்டும். அப்படியே கூட்டினால் வெட்டும் அளவு 500க்கு 410 வருகிறது. ஒரு தட்டு 1.61 கிலோ. ஷீட் எனக்குக் கிலோ 70 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்க்காமல். அதனால் ஒரு தட்டுக்குத் தகடு விலை 113 என்று எழுதி, கூலி, கோட்டிங் தனியாகப் போட்டு விலை சொல்லலாம் என்றிருந்தேன்.

ஆனால் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 ஷீட்டில் எப்படிப் போட்டாலும் பத்துத் தட்டுக்கு மேல் வரவில்லை. ஷீட் ஒன்று 23.4 கிலோ, அதாவது 1,638 ரூபாய். பத்தால் வகுத்தால் 164. ஓரம் விழும் துண்டு கிலோ 30க்குப் போகும். அப்படியானால் 113ஆ, 164ஆ, எதை வைத்து விலை சொல்வது? கடைக்காரருக்கு இந்த வாரமே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மாதிரிக்கு ஒரு தட்டு மடித்துப் பார்த்தோம். ரேக் ஆங்கிளுக்குள் இறுக்கிப் பிடிக்கிறது, தட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. ரேக்கைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்கிறோம், அது பெரிய விஷயமில்லை.

தஞ்சை_லேத்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை தம்பி. எல்லாரும் செய்வது மாதிரி கிலோ கணக்கில் போட்டு 10 சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்துவிடுங்கள். 113க்கு 124. கழிவை விற்ற காசு கைக்கு லாபம்.

ஷீட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா? 410ஐ நீளவாக்கில் வைத்தால் ஆறு வருமே. ஆறு இரண்டு பன்னிரண்டு.

மன்னை_பட்டறை

ஆறு வராது சார். 410 ஆறு தடவை 2460. ஷீட் 2440தான். இருபது மில்லி போதவில்லை. ஐந்துதான் வரும், குறுக்கே 500 இரண்டு. மொத்தம் பத்து.

குடந்தை_பாத்திரம்

நாங்கள் கும்பகோணத்தில் பித்தளை வேலை. உங்களுக்காவது சதுரத் துண்டு, எங்களுக்கு எல்லாம் வட்டம். சதுரத்திலிருந்து வட்டம் எடுத்தாலே நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் மூலையில் போய்விடும். ஆனாலும் கழிவை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. மூலைத் துண்டை அப்படியே கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டிப் புதுத் தகடு வாங்கிக்கொள்கிறோம். நீங்களும் ஷீட் கொடுக்கும் கடையிலேயே துண்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

மாயவரம்_ஷீட்மெட்டல்

தம்பி, கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், தட்டு ரேக்கில் இறுக்கிப் பிடிக்கிறது என்று. உங்கள் விடை அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் விலைக் கேள்வியை முடித்துவிடலாம்.

113ம் தவறு, 164ம் தவறு. பத்துத் தட்டுக்கு 16.1 கிலோ போகிறது, மீதி 7.3 கிலோ துண்டாக விழுகிறது. அந்த 7.3 கிலோவை 70க்கு வாங்கி 30க்கு விற்கிறீர்கள். கிலோவுக்கு 40 ரூபாய் நஷ்டம், ஷீட்டுக்கு 292. அதைப் பத்துத் தட்டின் தலையில் போட்டால் தட்டுக்கு 29 ரூபாய். ஆக, தகடு விலை 113உடன் 29 சேர்ந்து 142. இதுதான் உண்மையான அடக்கம்.

கும்பகோணம் அண்ணன் சொன்னதும் இதே கணக்குதான். அவருக்கு வாங்கும் விலைக்கும் திருப்பிக் கொடுக்கும் விலைக்கும் இடைவெளி, தகட்டு விலையோடு பார்த்தால் சின்னது. அதனால் இருபத்தொரு சதவீதம் விழுந்தாலும் தாங்குகிறது. இரும்பில் விற்கும் விலை வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. அவர் வழி நமக்கு ஒத்துவராது.

தஞ்சை சார் சொன்ன 10 சதவீதத்தில் 124 வருகிறது. கழிவை விற்ற காசை 142 கணக்கிலேயே கழித்தாகிவிட்டது, அதனால் தட்டுக்கு 18 ரூபாய் கையை விட்டுப் போகும். 200 தட்டுக்கு 3,600. வேஸ்டேஜ் என்பது எல்லா வேலைக்கும் ஒரே சதவீதமாக வராது சார். துண்டின் அளவு ஷீட்டுக்குள் எத்தனை முறை உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மில்லி இந்தப் பக்கம் இருந்தால் ஐந்து சதவீதம், அந்தப் பக்கம் இருந்தால் முப்பது சதவீதம். உங்கள் வேலையில் இப்போது 31 சதவீதம்.

இனி அளவுக்கு வருவோம். 1220க்குள் 410 மூன்று முறை வைத்தால் 1230. பத்து மில்லி போதவில்லை. அந்தப் பத்து மில்லிக்காகத்தான் ஒரு முழு வரிசையை இழக்கிறீர்கள். 410 என்ற எண் எப்படி வந்தது? 340, இரண்டு 25, இரண்டு 10. எல்லாம் வெளி அளவு. வெளி அளவை அப்படியே கூட்டி வெட்டக்கூடாது. தகடு மடியும்போது மூலையில் சதுரமாகத் திரும்பாமல் வளைந்து திரும்பும், அதனால் கூட்டிய அளவைவிடக் குறைவான தகடே போதும். 1 மி.மீ. தகட்டில், உள் வளைவும் 1 மில்லி அளவில் இருந்தால், ஒவ்வொரு 90 டிகிரி மடிப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மில்லி கழிக்க வேண்டும். விளிம்பை மடித்து அமுக்கும் இடத்தில் இன்னும் அரை மில்லிக்குச் சற்றுக் குறைவாக. ஒரு அகலத்தில் இரண்டு மடிப்பு, இரண்டு விளிம்பு. மொத்தம் நாலரை மில்லிக்குப் பக்கம். ஆக உங்களுக்கு வேண்டியது 410 இல்லை, 405 அரை. நீளத்திலும் அப்படியே, 500 இல்லை, 495 அரை.

கழிக்காமல் 410 வெட்டி மடித்ததால்தான் மாதிரித் தட்டு பெருத்துப்போய் ரேக்கில் இறுக்குகிறது. அந்தத் தட்டைக் கையில் எடுத்து வெளி அளவு பாருங்கள். 340 இருக்காது. 342 பக்கம் இருக்கும், பக்க உயரமும் 26 காட்டும்.

மன்னை_பட்டறை

அண்ணே, இப்போதுதான் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். அகலம் 341.8. பக்க உயரம் ஒரு பக்கம் 26, மறு பக்கம் 26.2. நீளமும் 432க்குக் கொஞ்சம் குறைவு. ரேக்கில் கைவைக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டேன்.

405 என்றால் 1215. அப்படியானால் மூன்று வரிசை வந்துவிடுமே? மூன்று நாலு பன்னிரண்டா?

மாயவரம்_ஷீட்மெட்டல்

பதினாலு. நிதானமாகப் பாருங்கள்.

அளவை 496க்கு 405 என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 496 நாலு எடுத்தால் 1984, குறுக்கே 405 மூன்று. இது பன்னிரண்டு. ஷீட்டின் கடைசியில் 456 அகலத்தில், 1220 நீளத்தில் ஒரு பட்டை நிற்கும். அதில் தட்டைத் திருப்பிப் போடுங்கள். 456க்குள் 405 உட்காரும், 1220க்குள் 496 இரண்டு உட்காரும். அது இரண்டு. மொத்தம் பதினாலு.

பதினாலு தட்டுக்கு 22.1 கிலோ போகிறது, விழுவது 1.3 கிலோதான். ஷீட் விலை 1,638இல் துண்டுக்கு 39 ரூபாய் கழித்துப் பதினாலால் வகுத்தால் 114 ரூபாய் 20 காசு. முன்பு 142. 200 தட்டுக்கு இருபது ஷீட் வாங்கியிருப்பீர்கள், இப்போது பதினைந்து போதும்.

உங்கள் பட்டறையில் எந்த ஷியரிங் மெஷின்? நாலடி மெஷினாக இருந்தாலும் இது வெட்டலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஷீட்டின் குறுக்கே, 1220 நீளத்துக்கு, 496 அகலப் பட்டை நாலு வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையையும் திருப்பி 405, 405, 405. 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டும் வேண்டாம். கடைசி 456 பட்டையில் முதலில் 405 எடுங்கள், 51 மில்லி ரிப்பன் விழும், அது முறுக்கிக்கொண்டுதான் விழும், அது கழிவு. பிறகு 496 இரண்டு.

ஆபத்து எங்கே என்றால், 1220இல் 1215 போக 5 மில்லிதான் கையிருப்பு. பட்டையின் முனையைச் சதுரம் பிடிக்க 2 மில்லி சீவினால் மீதி 3. ஷீட்டின் மூலை சதுரமாக இல்லாவிட்டால் இந்த 3 மில்லி பறந்துவிடும். அதனால் முதல் வெட்டுக்கு முன்னால் ஷீட்டின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. நாலைந்து மில்லி வித்தியாசம் இருந்தால் அந்த ஷீட்டைத் தனியாக வையுங்கள். மூன்றாவது தட்டு எப்போதும் பின் ஸ்டாப்பரில் வைத்தே வெட்டப்பட வேண்டும். மிச்சம் இருப்பது 405தானே என்று வெட்டாமல் விட்டால், மூன்று தட்டின் பிழையும் அந்தக் கடைசித் தட்டில் சேர்ந்து உட்காரும்.

தஞ்சை_லேத்

பதினாலு சரிதான், வரைந்து பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு நெருக்கி ஷியரிங்கில் வெட்டுவதைவிட லேசருக்குக் கொடுத்துவிடலாமே. திருச்சியில் வெட்டிக் கொடுக்கிறார்கள். சாப்ட்வேரே துண்டுகளை அடுக்கிக்கொள்ளும், கழிவு குறைவாகத்தான் வரும்.

மாயவரம்_ஷீட்மெட்டல்

எல்லா வேலைக்கும் அப்படி இல்லை சார். வளைந்த துண்டு, பெரியதும் சின்னதும் கலந்த துண்டு என்றால் லேசர்தான். இங்கே லேசரில் கழிவு கூடும். ஷியரிங் கத்தி தகட்டைத் தின்னாது, ஒரு தட்டின் ஓரமே அடுத்த தட்டின் ஓரம். லேசரில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விடுவார்கள், ஷீட்டின் ஓரத்திலும் விடுவார்கள். 5 மில்லி இடைவெளி என்று வைத்தாலும் மூன்று வரிசைக்கு 1215உடன் இரண்டு இடைவெளி சேர்ந்து 1225. 1220 ஷீட்டில் மறுபடியும் இரண்டு வரிசைதான். ஒரே கோட்டில் இரண்டு துண்டுக்கும் சேர்த்து வெட்டிக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் மெல்லிய தகட்டில் துண்டு நகர்ந்துவிடும் என்று பலர் ஒத்துக்கொள்வதில்லை.

லேசரில் ஒரு லாபம் இருக்கிறது. நாலு மூலையிலும் வெட்டி எடுக்கும் நாட்சை அதிலேயே முடித்துக்கொள்ளலாம். 200 தட்டுக்கு 800 மூலை. அந்தக் கூலியை வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மன்னை_பட்டறை

நாட்ச் வெட்ட எங்களிடம் மெஷின் இருக்கிறது, அதனால் ஷியரிங்கிலேயே போகிறேன்.

ஒரு சந்தேகம். கடைசிப் பட்டையில் இரண்டு தட்டு மட்டும் திரும்பிக் கிடக்கிறது. தகட்டுக்கு ரோலிங் திசை என்று சொல்வார்களே, அந்த இரண்டு மட்டும் மடிப்பில் வெடிக்குமா?

மாயவரம்_ஷீட்மெட்டல்

எந்தத் தட்டாக இருந்தாலும் நாலு பக்கமும்தானே மடிக்கிறீர்கள். இரண்டு பக்கம் ரோலிங்குக்கு இணையாகவும், இரண்டு பக்கம் குறுக்காகவும் எப்படியும் வரும். 1 மி.மீ. சி.ஆர். அதற்கெல்லாம் வெடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கோடு போட்ட பினிஷ் என்றால் திருப்பக்கூடாது, அடுக்கி வைத்தால் இரண்டு தட்டு மட்டும் வேறு மாதிரி தெரியும். உங்களுக்குப் பவுடர் கோட்டிங், கவலையில்லை.

நாகை_வெல்டிங்

நான் ஒன்று கேட்கலாமா? பழைய பத்துத் தட்டு கணக்கில் விழுவது 390க்கு 1220 ஒரு துண்டு, 220க்கு 2050 ஒரு துண்டு. இதை எப்படி 30 ரூபாய் ஸ்க்ராப் என்கிறீர்கள்? என் கையில் கிடைத்தால் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்துவிடுவேன். வயலில் போர் மோட்டார் இருக்கும் இடத்திலெல்லாம் அந்தப் பெட்டி ஓடும். எனக்கு அது 70 ரூபாய் தகடுதான். அப்படிப் பார்த்தால் தட்டு விலை 113 என்று தம்பி முதலில் போட்டதே சரி.

மாயவரம்_ஷீட்மெட்டல்

பெட்டிக்கு ஆர்டர் கையில் இருந்தால் சரி, முழு விலை போடுங்கள். இல்லாவிட்டால் அது ஸ்க்ராப்தான். நாளைக்கு வரும் ஆர்டரை நம்பி இன்றைய தட்டின் விலையைக் குறைத்தால், துண்டுகள் பட்டறை மூலையில் குவியும், பணம் அதில் முடங்கும். பூச்சு இல்லாத சி.ஆர். துண்டு ஐப்பசி மழையில் ஒரு மாதம் கிடந்தாலே துரு பிடித்துக் குழி விழும். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். குழி விழுந்த தகட்டில் பவுடர் அடித்தால் குழி அப்படியே தெரியும்.

நாகை_வெல்டிங்

எண்ணெய் தடவி உள்ளே நிறுத்தி வைத்தால் ஒன்றும் ஆகாது. என் துண்டுகள் அடுத்த மழை வரை தங்குவதே இல்லை. ஸ்க்ராப் விலை போடுகிறேன் என்று தட்டுக்கு 29 ரூபாய் ஏற்றிச் சொன்னால், பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். நான் நடுவில் ஒரு விலை, 50 போடுவேன்.

குடந்தை_பாத்திரம்

50க்கு நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது. எங்கள் கடையில் பெரிய துண்டையும் பொடித் துண்டையும் வேறு வேறு விலையில்தான் கணக்கில் எழுதுகிறோம். ஒரு குடத்து அடிக்குப் போதுமான துண்டு என்றால் அது தகடு, அதற்குக் கீழே என்றால் கழிவு.

மாயவரம்_ஷீட்மெட்டல்

எழுதலாம். ஆனால் அந்தத் துண்டு எந்த மாதம் வெளியே போனது என்றும் எழுத வேண்டும். அதை எழுதும் பட்டறையை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு ஸ்க்ராப் விலைதான் சரி. பிறகு பெட்டி செய்து விற்றால் அது பெட்டியின் லாபம்.

மன்னை_பட்டறை

எனக்கு இப்போது அந்தச் சிக்கல் இல்லை. பதினாலு வெட்டினால் விழுவது 228க்கு 405 ஒரு துண்டு, மற்றதெல்லாம் ரிப்பன். ஸ்க்ராப் விலையே போட்டுக்கொள்கிறேன்.

திருச்சி டீலரிடம் பேசினேன். 2500க்கு 1250 ஷீட்டும் இருக்கிறதாம், கிலோ விலை அதேதான். அதில் எத்தனை வரும்?

மாயவரம்_ஷீட்மெட்டல்

பதினைந்து. 496 ஐந்து எடுத்தால் 2480, 405 மூன்று 1215. நீளத்தில் 20, அகலத்தில் 35 கையிருப்பு. மூலைவிட்டக் கவலை பாதி குறைந்தது. ஆனால் ஷீட் 24.5 கிலோ, 1,715 ரூபாய். துண்டு விற்ற காசைக் கழித்துப் பதினைந்தால் வகுத்தால் 112 ரூபாய் 60 காசு. 114க்கும் இதற்கும் ஒன்றரை ரூபாய்தான் வித்தியாசம். வண்டி வாடகை ஒன்றாக இருந்தால் இதை எடுங்கள், பதினாலு ஷீட் போதும், 210 தட்டு வரும். வாடகை கூடினால் 8க்கு 4இலேயே வெட்டுங்கள். வாங்கும் முன்னால் உங்கள் நாலடி மெஷினில் 1250 நுழையுமா என்று பாருங்கள். சில மெஷினில் கத்தி நீளம் 1250 என்று சொல்வார்கள், ஓரத் தூணுக்கு இடையில் ஷீட் உரசும்.

கடைக்காரர் 410ஐக் குறைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தால்தான் இந்தப் பெரிய ஷீட் உங்களைக் காப்பாற்றியிருக்கும். 410 மூன்று 1230, 1250க்குள் தாராளமாக உட்காரும்.

அப்புறம் 112, 114 எல்லாம் வெட்டிய தட்டுக்கு. கடைக்காரரிடம் போய்ச் சேரும் நல்ல தட்டால் வகுக்க வேண்டும். பத்து உபரி இருப்பதால், 210க்குப் போட்ட தகட்டு விலையை 200ஆல் வகுத்துச் சொல்லுங்கள். 8க்கு 4 ஷீட்டில் அது 120 வரும், பெரிய ஷீட்டில் 118. நாட்ச் தப்பியது, விளிம்பு அமுக்கும்போது கோணியது எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்கிவிடும்.

மன்னை_பட்டறை

மெஷினில் 1250 நுழையவில்லை அண்ணே, இடது தூணில் முட்டுகிறது. 8க்கு 4இலேயே போகிறேன். நேற்று ஒரு ஷீட் எடுத்து மூலைவிட்டம் அளந்தேன், 1 மில்லிதான் வித்தியாசம். ஷீட் அகலமே 1222 இருந்தது. 405, 405, 405 வெட்டிய பிறகு நாலு மில்லிப் பட்டை நின்றது. மடித்த தட்டு வெளியில் 339.6, ரேக்கில் தட்டாமல் தள்ளாமல் போகிறது. கடைக்காரரிடம் தகட்டுக்கு 120 போட்டு விலை சொல்லிவிட்டேன். கோட்டிங் எவ்வளவு போடுவது என்றுதான் இப்போது பேச்சு. கிலோ கணக்கா, சதுர அடி கணக்கா? இங்கே யாராவது சமீபத்தில் கொடுத்திருந்தால் சொல்லுங்கள்.

நாகை_வெல்டிங்

சதுர அடிக்குக் கேளுங்கள். தட்டுக்கு உள்ளும் வெளியும் இரண்டு பக்கம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், ஒரு பக்கத்துக்கு விலை சொல்லிவிட்டுப் பிறகு இரட்டிப்பாகப் பில் வரும். அந்த 228க்கு 405 துண்டுகளை ஸ்க்ராப்புக்குப் போடாதீர்கள் தம்பி, பதினைந்தையும் நான் கிலோ 45க்கு எடுத்துக்கொள்கிறேன். மன்னார்குடி பக்கம் வரும்போது போன் செய்கிறேன்.